வாடகை வைப்புத்தொகையைத் தராமல் இழுத்தடிக்கும் வீட்டு உரிமையாளருக்குக் கோரிக்கைக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: ஈசூனில் ஒரு வீவக நாலறை வீட்டில் இரண்டு வருட ஒப்பந்தத்தில் குடியிருந்தோம். மாத வாடகை 3,000 வெள்ளி, டெபாசிட் 6,000 வெள்ளி. ஜூலை 31ஆம் தேதி சாவியைக் கொடுத்துவிட்டோம். 14 நாளில் டெபாசிட்டைத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஆறு வாரமாகியும் ஒரு காசுகூட வரவில்லை. வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்க 1,900, ஏர்கான் கெமிக்கல் வாஷ் 360, புது சோபா 1,400, சுத்தம் செய்ய 300, மற்ற ரிப்பேர் 500 என்று வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் மட்டும் அனுப்பியிருக்கிறார். சோபாவில் ஓர் இருக்கையைப் பிள்ளை கிழித்தது உண்மை. சாமி மாடத்துச் சுவரில் விளக்குப் புகை படிந்ததும், ஏர்கான் சர்வீஸ் இரண்டு தடவை விட்டுப்போனதும் உண்மை. வீட்டைக் கம்பெனி வைத்துச் சுத்தம் செய்துதான் கொடுத்தோம், ரசீது இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் பணம் வருமா? அதில் என்ன எழுத வேண்டும்?

பதில்: இந்தக் கடிதத்தை வழக்கறிஞர்தான் அனுப்ப வேண்டும் என்று சிங்கப்பூரில் எந்த விதியும் இல்லை. வாடகைதாரர் தம் பெயரில் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பும் கோரிக்கைக் கடிதத்துக்கும் வழக்கறிஞரின் கடிதத்துக்கும் சட்டத்தின் பார்வையில் வேறுபாடு கிடையாது. உங்கள் தகராறு கடைசியில் போய்ச் சேரக்கூடிய இடம் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே இரு தரப்புக்காகவும் வழக்கறிஞர்கள் முன்னிலையாக முடியாது என்பதால், கடிதத்துக்காக மட்டும் ஒருவரை அமர்த்திச் செலவழித்துவிட்டு அந்தத் தொகையையும் உரிமையாளரிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணுவது சரிப்படாது. வழக்கறிஞரின் முத்திரையைப் பார்த்தவுடன் பணத்தை அனுப்பிவிடும் உரிமையாளர்களும் உண்டுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் தொகைகளோடு பட்டியல் அனுப்பத் தெரிந்தவர், முத்திரையைவிடக் கணக்குக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கடிதத்தின் வலிமை அதில் நீங்கள் கேட்கும் தொகையில் இருக்கிறது. கோபத்தில் ‘6,000 வெள்ளியையும் முழுமையாகத் திருப்பித் தர வேண்டும்’ என்று எழுதினால், கிழிந்த இருக்கையைக் காட்டியே உரிமையாளர் உங்களை நேர்மையற்றவராகச் சித்திரித்துவிடுவார். அதற்கு மாறாக, நடுவர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டுவிட்டுக் கடைசியில் எந்தத் தொகையைச் சொல்வாரோ அதற்கு மிக நெருக்கமான தொகையை நீங்களே முதலில் கணக்கிட்டு, ஒவ்வொரு வெள்ளிக்கும் காரணம் காட்டிக் கேட்டால், மன்றத்துக்குப் போனாலும் இதற்குமேல் தமக்கு ஒன்றும் மிஞ்சாது என்பதை அவரே உணர்வார். ஆகவே எழுதுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போம்.

சிங்கப்பூரில் குடியிருப்பு வாடகை வைப்புத்தொகைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. சில நாடுகளில் இருப்பதுபோல் மூன்றாம் தரப்பிடம் அதைப் பாதுகாப்பாக வைக்கும் கட்டாயத் திட்டமும் கிடையாது. பணம் உரிமையாளரின் கையில் இருக்கிறது, அதை ஆள்வது உங்கள் ஒப்பந்தம் மட்டுமே. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை என்பதும்கூட வழக்கமே தவிர விதி அன்று. எனவே முதலில் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று பிரிவுகளைத் தேடுங்கள். ஒன்று, வைப்புத்தொகையை எதற்காகப் பிடிக்கலாம், எத்தனை நாளில் திருப்பித் தர வேண்டும் என்பது. மற்றொன்று, வீட்டை எந்த நிலையில் ஒப்படைக்க வேண்டும் என்பது. ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களிலும் ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’ என்ற சொற்கள் இங்கே இருக்கும், உங்கள் வழக்கின் பெரும்பகுதி அந்தச் சொற்களின்மீதுதான் நிற்கிறது. இன்னொன்று, குளிர்சாதனப் பராமரிப்பு, தொழில்முறைச் சுத்தம், சுவரில் ஆணியடித்தால் ஓட்டையை அடைத்துத் தருவது போன்ற தனிக் கடமைகள்.

இந்தப் பிரிவுகளைப் படிக்கும்போது ஓர் அடிப்படையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வைப்புத்தொகையிலிருந்து பிடிப்பது தண்டனை அன்று, இழப்பீடு. நீங்கள் ஒப்பந்தத்தை எங்கே மீறினீர்கள், அதனால் தமக்கு எவ்வளவு இழப்பு என்பதைக் காட்ட வேண்டிய பொறுப்பு, பிடிப்பவரான உரிமையாளருடையது. அந்த இழப்பும், நீங்கள் ஒப்பந்தப்படி நடந்திருந்தால் அவர் இருந்திருக்கக்கூடிய நிலைக்கு அவரைக் கொண்டுவந்து நிறுத்தும் அளவுக்குத்தான் இருக்கலாம். பழைய பொருளுக்குப் புதிய பொருளின் விலையைக் கேட்பது அந்த அளவைத் தாண்டிவிடுகிறது.

இனி அவருடைய பட்டியல். 1,900, 360, 1,400, 300, 500 ஆகியவற்றைக் கூட்டினால் 4,460 வெள்ளி வருகிறது. அவர் சொல்வது ஒவ்வொன்றும் உண்மை என்றே ஒப்புக்கொண்டாலும் 6,000இல் மீதி 1,540 வெள்ளியைப் பிடித்துவைத்திருப்பதற்கு அவரிடம் காரணம் என்று ஒன்றுமே இல்லை. இதைப் பலர் கவனிக்காமல் பட்டியலோடு சண்டையிடப் போய்விடுகிறார்கள். கடிதத்தில் இது முன்னால் வர வேண்டும், ஏனெனில் தம் கணக்குப்படியே தர வேண்டிய பணத்தைக்கூட உரிய நாளில் தராதவர் என்பது இதனால் தெளிவாகிவிடும்.

பெயிண்ட்: ஈராண்டு குடும்பம் நடத்திய வீட்டில் சுவர் சற்று மங்குவதும், நாற்காலி உரசிய தடம் விழுவதும் தேய்மானம். முழு வீட்டுக்கும் வண்ணம் பூசித் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருந்தாலன்றி 1,900 வெள்ளியை உங்கள் தலையில் கட்ட முடியாது. ஆனால் விளக்குப் புகையைத் தேய்மானம் என்று வாதிடாதீர்கள். அன்றாடம் விளக்கேற்றுவது நமக்கு இயல்பு. என்றாலும் ஒரே இடத்தில் படிந்த கரியைத் துடைத்தெடுக்க முடியாவிட்டால் அது தவிர்த்திருக்கக்கூடிய சேதம் என்றே நடுவர் கருத வாய்ப்பு அதிகம். அந்த ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் பூச எவ்வளவு ஆகும் என்று வண்ணம் பூசுபவர் ஒருவரிடம் எழுத்து வடிவில் விலைக்குறிப்பு வாங்குங்கள். கணக்குக்காக 220 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

குளிர்சாதனம்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு என்பது வழக்கமான நிபந்தனை, அப்படியானால் ஈராண்டில் எட்டு முறை. நீங்கள் இரண்டைத் தவறவிட்டீர்கள். அந்தத் தவற்றின் நேரடி இழப்பு இரண்டு சாதாரணப் பராமரிப்புகளின் செலவு. உங்கள் பழைய ரசீதுகளில் ஒரு முறைக்கு 90 வெள்ளி என்று இருந்தால், 180 வெள்ளி. ரசாயனக் கழுவல் தேவைப்பட்டது என்றும், அதற்குக் காரணம் விட்டுப்போன அந்த இரண்டு பராமரிப்புகளே என்றும் தொழில்நுட்பர் எழுதிக்கொடுத்த அறிக்கை ஏதாவது அவரிடம் இருந்தால் நிலைமை மாறும். 360 வெள்ளியும் நியாயமாகிவிடலாம். அத்தகைய அறிக்கையை அவர் அனுப்பவில்லை. கடிதத்தில் அதைக் கேளுங்கள்.

சோபா: இங்கேதான் உரிமையாளர்களின் கணக்கு பெரும்பாலும் தடம் புரள்கிறது. ஓர் இருக்கை கிழிந்தது என்றால் முதற்கேள்வி, அதைச் சரிசெய்ய முடியுமா என்பது. இருக்கை உறையை மாற்றித் தைக்க 260 வெள்ளி ஆகும் என்று மெத்தை தைப்பவர் எழுதிக்கொடுத்தால், இழப்பு அந்த 260 வெள்ளிதான். சரிசெய்யவே முடியாது என்று வைத்துக்கொண்டாலும் 1,400 வெள்ளி வராது. நீங்கள் குடிவந்தபோது சோபா நான்கு ஆண்டு பழையது, பத்து ஆண்டு உழைக்கக்கூடியது என்றால், நீங்கள் காலிசெய்தபோது அதன் வாழ்நாளில் எஞ்சியது நான்கு ஆண்டு. 1,400இல் பத்தில் நான்கு பங்கு, அதாவது 560 வெள்ளி. எந்தப் பொருள் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று சட்டம் வகுத்த பட்டியல் ஏதும் இல்லை. அதனால் இந்தப் பத்து ஆண்டை இறுதியான எண்ணாகக் கொள்ளாமல், கேட்பவருக்கு நியாயமாகப் படக்கூடிய மதிப்பீடாகவே முன்வையுங்கள். சோபாவின் வயதைக் காட்ட, குடிவந்த அன்று இருவரும் கையெழுத்திட்ட பொருட்பட்டியலும் அப்போது எடுத்த படங்களும் உதவும். அவை இல்லையெனில், நீங்கள் வருவதற்குமுன் அதே வீட்டுக்கு இணையத்தில் வந்த வாடகை விளம்பரப் படங்களில் அந்தச் சோபா தென்படுகிறதா என்று தேடுங்கள். முகவரோடு நடந்த பழைய வாட்ஸ்அப் உரையாடலில் அந்தப் படங்கள் இன்னமும் கிடக்கலாம்.

சுத்தம் செய்த செலவுக்கு உங்களிடம் ரசீது இருக்கிறது. 300 வெள்ளிக்கு இடமில்லை. ‘மற்ற ரிப்பேர் 500’ என்பதற்கு விவரமே இல்லை. விவரம் இல்லாத பிடித்தத்துக்கு இப்போதைக்குப் பூச்சியம்.

ஆக நீங்கள் ஏற்கும் பிடித்தம் 220, 180, 260 சேர்ந்து 660 வெள்ளி. கேட்க வேண்டிய தொகை 5,340 வெள்ளி. ஒப்பந்தத்தில் தாமத வட்டி பற்றி ஒன்றும் இல்லையென்றால் வட்டியையும், மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் சேர்த்து இந்தத் தொகையை ஊதிவிடாதீர்கள். அவை கடிதத்தின் நம்பகத்தன்மையைத்தான் குறைக்கும்.

எழுதுவதற்குமுன் இரண்டு செய்திகளைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, யாருக்கு எழுதுகிறீர்கள் என்பது. ஒப்பந்தத்தில் உரிமையாளராகக் கணவன், மனைவி இருவர் பெயரும் இருந்தால் இருவருக்கும் எழுதுங்கள். உங்கள் தரப்பிலும் கையெழுத்திட்டவர்கள் எல்லாரும் கையெழுத்திடுங்கள். முதன்மை வாடகைதாரர் ஒருவரிடம் அறையை உள்வாடகைக்கு எடுத்தவர்கள், தங்களிடம் ஒப்பந்தம் செய்து பணம் வாங்கிய அவருக்குத்தான் எழுத வேண்டும், வீட்டின் சொந்தக்காரருக்கு அன்று. முகவரும் இதில் கடனாளி அல்லர். வீவக வீட்டு வாடகையில் சொத்து முகவர்கள் வைப்புத்தொகை போன்ற பணத்தைக் கையாளவே கூடாது என்பது விதி. பணம் முகவரின் கணக்குக்குப் போயிருந்தால் அது தனியாக முறையிட வேண்டிய வேறொரு விவகாரம்.

இரண்டாவது, முத்திரைத் தீர்வை. நான்கு ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு என்பது கணக்கு. உங்கள் ஒப்பந்தத்துக்கு 24 மாத வாடகை 72,000 வெள்ளி, தீர்வை 288 வெள்ளி. அதை வாடகைதாரர் செலுத்துவதே வழக்கம். தீர்வை செலுத்தாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாக ஏற்பதில்லை. உள்நாட்டு வருவாய் ஆணையம் தந்த முத்திரைச் சான்றிதழ் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாமத அபராதத்தோடு இப்போதே செலுத்திவிடுவது, விசாரணை நாளில் திகைத்து நிற்பதைவிட மேலானது.

கடிதம் இப்படி அமையலாம். பொருள் விளங்குவதற்காகத் தமிழில் தருகிறேன். அனுப்பும் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். உரிமையாளர் தமிழரே ஆனாலும், மன்றத்தில் தாக்கல் செய்யும்போது மொழிபெயர்ப்பு தேவைப்படாமல் இருக்கும்.

“செப்டம்பர் 15. பெறுநர்: ஒப்பந்தத்தில் கண்டுள்ள உரிமையாளர்கள் இருவர். பொருள்: ஈசூன் வீட்டின் வாடகை வைப்புத்தொகை 5,340 வெள்ளியைத் திருப்பித் தரக் கோருதல்.

மேற்கண்ட வீட்டை ஈராண்டுக் காலத்துக்கு உங்களிடமிருந்து வாடகைக்கு எடுத்து, ஒப்பந்தத்தின்படி 6,000 வெள்ளியை வைப்புத்தொகையாகப் பேநவ் மூலம் உங்கள் கணக்கில் செலுத்தினோம். வாடகை முழுவதையும் செலுத்திவிட்டு, ஒப்பந்தக் காலம் முடிந்த ஜூலை 31 அன்று வீட்டையும் சாவிகளையும் ஒப்படைத்தோம். ஒப்பந்தத்தின் வைப்புத்தொகைப் பிரிவின்படி அத்தொகையை ஆகஸ்ட் 14ஆம் தேதிக்குள் நீங்கள் திருப்பித் தந்திருக்க வேண்டும். இன்றுவரை எத்தொகையும் எங்களுக்கு வந்துசேரவில்லை.

வாட்ஸ்அப் வழியாக நீங்கள் அனுப்பிய பட்டியலில் 4,460 வெள்ளிக்கான பிடித்தங்களைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்பட்டியலின்படியே எஞ்சும் 1,540 வெள்ளியைப் பிடித்துவைத்திருப்பதற்கு நீங்கள் எக்காரணமும் கூறவில்லை.

பிடித்தங்களைப் பொறுத்தவரை, வழிபாட்டு மாடச் சுவரின் புகைக் கறைக்காக 220 வெள்ளி, விட்டுப்போன இரண்டு குளிர்சாதனப் பராமரிப்புகளுக்காக 180 வெள்ளி, சோபா இருக்கையைச் சீரமைக்க 260 வெள்ளி, ஆக 660 வெள்ளியை ஏற்கிறோம். இவற்றுக்கான விலைக்குறிப்புகளும் ரசீதுகளும் இணைக்கப்பட்டுள்ளன. வீடு முழுவதற்கும் வண்ணம் பூசுவது நியாயமான தேய்மானத்தில் அடங்கும் என்பதாலும், புதிய சோபாவின் விலை எங்களால் நேர்ந்த இழப்பைவிட மிகுதி என்பதாலும், வீட்டைத் தொழில்முறையில் சுத்தம் செய்தே ஒப்படைத்தோம் என்பதாலும், ரசாயனக் கழுவலுக்கும் ‘மற்ற ரிப்பேர்’ என்ற இனத்துக்கும் விவரமோ ஆதாரமோ தரப்படவில்லை என்பதாலும், மற்றப் பிடித்தங்களை ஏற்க இயலாது. இவற்றுக்கு உங்களிடம் ரசீது, தொழில்நுட்பர் அறிக்கை, படங்கள் இருப்பின் கீழ்க்கண்ட தேதிக்குள் அனுப்பிவைக்கக் கோருகிறோம்.

எனவே 5,340 வெள்ளியைச் செப்டம்பர் 29ஆம் தேதி மாலை 5 மணிக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கோருகிறோம். தவறினால் மேலும் அறிவிப்பின்றிச் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் உரிமைகோரல் தாக்கல் செய்வோம்.”

இதைவிட நீளமான கடிதம் தேவையில்லை. ‘பதினான்கு நாளுக்குள்’ என்று எழுதினால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற சர்ச்சை எழும், ஆகவேதான் தேதியையே குறிப்பிட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் கூறிய கெடு ஏற்கெனவே கடந்துவிட்டதால் ஏழு நாள் கொடுத்தாலும் குற்றமில்லை. பதினான்கு நாள் கொடுத்தவர் பொறுமையானவர் என்ற தோற்றம் மன்றத்தில் உதவும் என்பது என் கருத்து.

660 வெள்ளியை ஏற்கிறோம் என்று எழுதுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது உங்கள் ஒப்புதலாகவே கொள்ளப்படும். விசாரணையில் வேறு மாதிரி பேசுவது கடினம். அதனால் உண்மையிலேயே உங்கள் பொறுப்பு என்று நீங்கள் கருதுபவற்றை மட்டுமே ஏற்று எழுதுங்கள். சுமுகமாக முடிப்பதற்காக ‘சரி, 5,000 கொடுத்தால் போதும்’ என்று இறங்கிவர எண்ணினால் அதை இந்தக் கடிதத்தில் எழுதாமல், ‘உரிமைகளுக்குப் பாதிப்பின்றி’ என்று தலைப்பில் குறித்த தனிக் கடிதத்தில் எழுதுங்கள். சமரசப் பேச்சாக எழுதப்பட்ட அத்தகைய கடிதத்தைப் பொதுவாக எதிர்த்தரப்பு உங்களுக்கு எதிரான ஆதாரமாகக் காட்ட முடியாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் கோரிக்கைக் கடிதத்தின் உச்சியிலேயே அந்தச் சொற்களைப் பொறித்திருப்பதைப் பார்க்கிறேன். அது தலைகீழான வேலை, ஏனென்றால் கோரிக்கைக் கடிதத்தை நீங்களே மன்றத்தில் காட்டியாக வேண்டும்.

மிரட்டலையும் தவிர்த்துவிடுங்கள். காவல்துறையில் புகார் செய்வோம், வீவகவுக்கு எழுதிப்போடுவோம், பேஸ்புக்கில் உங்கள் பெயரையும் முகவரியையும் போடுவோம் என்றெல்லாம் எழுதினால் கடிதம் உங்களுக்கு எதிரான ஆதாரமாகிவிடும். ஒப்பந்தப்படி தர வேண்டிய பணத்தைத் தராதது பொதுவாக உரிமையியல் தகராறு. காவல்துறை அதில் தலையிடாது. ஒருவருடைய அடையாள விவரங்களைத் தொல்லை தரும் நோக்கில் வெளியிடுவதோ தொல்லையிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின்கீழ்க் குற்றம்.

அனுப்பும் முறையை ஒப்பந்தத்திலேயே பாருங்கள். அறிவிப்புகளை எப்படி, எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பிரிவு பெரும்பாலும் இருக்கும். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அதே கடிதத்தைப் படக்கோப்பாக மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். வீட்டை முழுதாக வாடகைக்கு விட்ட உரிமையாளர் சிலர் ஒப்பந்தத்தில் தம் முகவரியாக அதே வீட்டைக் குறித்திருப்பார்கள். கடிதம் புதிய வாடகைதாரரின் அஞ்சல் பெட்டியில் கிடக்கும் என்று தெரிந்தால், வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் படித்ததற்கான நீலக்குறியையோ பதிலையோ படமெடுத்து வைப்பது இன்னும் முக்கியமாகிறது.

கடிதம் போன பிறகு நடக்கக்கூடியவற்றில் ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். 1,540 வெள்ளியை மட்டும் பேநவில் அனுப்பிவிட்டு ‘கணக்கு முடிந்தது’ என்று அவர் குறிப்பு எழுதலாம். பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் வாய்மூடி இருந்தும்விடாதீர்கள். அன்றே, ‘1,540 வெள்ளியைப் பகுதித் தொகையாகப் பெற்றுக்கொண்டோம், மீதி 3,800 வெள்ளிக்கான கோரிக்கை தொடர்கிறது’ என்று பதில் எழுதுங்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாமல் அவர் தனியாகக் கணக்கை முடிக்க முடியாது. மௌனத்தைத்தான் பிறகு ஒப்புதலாகக் காட்டப் பார்ப்பார்.

அவர் ரசீதுகளை அனுப்பினால் அவற்றை நேர்மையாகப் பரிசீலியுங்கள். வெறும் விலைக்குறிப்பா, பணம் செலுத்திய ரசீதா என்று பாருங்கள். வீட்டுக்கு ஏற்கெனவே வேறொருவர் குடிவந்துவிட்டார், புதிய விளம்பரப் படத்தில் பழைய சோபாவே இருக்கிறது என்றால், ‘புதிய சோபா 1,400’ என்பதன் கதை அங்கேயே முடிந்துவிடும்.

செப்டம்பர் 29 கடந்தும் பணம் வரவில்லையென்றால் cjts.judiciary.gov.sg தளத்தில் சிங்பாஸ் மூலம் நுழைந்து தாக்கல் செய்யலாம். ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை ஒப்பந்தங்களை இந்த மன்றம் ஏற்கும். உங்களுடையது சரியாக ஈராண்டு என்பதால் உள்ளே வருகிறது. மூன்றாண்டு ஒப்பந்தமாக இருந்திருந்தால் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்திருக்கும், அங்கே செலவும் நடைமுறையும் கூடுதல். கோரும் தொகைக்கு உச்சவரம்பு 20,000 வெள்ளி, இரு தரப்பும் எழுத்தில் இசைந்தால் 30,000 வெள்ளி. பணம் தர வேண்டிய நாள் கடந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். தனிநபர் 5,000 வெள்ளிவரை கோரினால் கட்டணம் 10 வெள்ளி, அதற்குமேல் 10,000 வெள்ளிவரை 20 வெள்ளி. 5,340 வெள்ளிக்கு நீங்கள் செலுத்த வேண்டியது 20 வெள்ளி. இந்த எண்ணை உரிமையாளர்கள் நன்றாக அறிவார்கள் என்பதால்தான், மன்றத்தின் பெயரைக் குறிப்பிட்ட கடிதத்துக்கு மதிப்பு இருக்கிறது.

முதலில் பதிவாளர் முன்னிலையில் ஆலோசனை நடக்கும். பெரும்பாலும் அங்கேயே சமரசத்துக்கு முயல்வார்கள். முடியாவிட்டால் நடுவர் விசாரிப்பார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். உங்கள் உரிமைகோரலுக்கு எதிராக உரிமையாளரும் தம் கோரிக்கையைத் தாக்கல் செய்யலாம், அதனால் படங்கள், பொருட்பட்டியல், ரசீதுகள், உரையாடல்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கித் தாக்கல் செய்யுங்கள். வாட்ஸ்அப் உரையாடலில் உங்களுக்குச் சாதகமான வரியை மட்டும் வெட்டி எடுக்காமல், முன்னும் பின்னும் உள்ள செய்திகளோடு, தேதி தெரியும்படி கொடுங்கள். தீர்ப்பில் சட்டம் தொடர்பான பிழை இருந்தாலோ, உரிமைகோரல் மன்றத்தின் அதிகார வரம்புக்கு வெளியே இருந்தாலோ மட்டும், மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியோடு மேல்முறையீடு செய்ய முடியும். நடுவரின் உண்மை மதிப்பீடு பிடிக்கவில்லை என்பதற்காகச் செய்ய முடியாது.

ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறியவர்கள் இதே மாதிரியைப் பயன்படுத்த வேண்டாம். அங்கே உரிமையாளர் மீதி மாத வாடகையையே இழப்பாகக் கோரலாம். வேலை போய் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தால் ஒப்பந்தத்தை முன்னதாக முடிக்க இடம் தரும் தூதரக விதி எனப்படும் பிரிவு ஒப்பந்தத்தில் இருக்கிறதா, புதிய வாடகைதாரர் எப்போது வந்தார் என்பவற்றைப் பொறுத்துக் கணக்கு அடியோடு மாறிவிடும்.

ஆலோசனையிலோ அதற்கு முன்போ சமரசம் ஏற்பட்டால், தொகை, செலுத்த வேண்டிய தேதி, எந்தக் கணக்கு, அதோடு இரு தரப்புக்கும் வேறு கோரிக்கை எதுவும் மிச்சமில்லை என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். மன்றத்தில் தாக்கல் செய்த பின் சமரசமானால் அதை மன்றத்தின் ஆணையாகவே பதிவு செய்யும்படி கேளுங்கள். ஆணையாகிவிட்டால் அவர் மீண்டும் தவறும்போது புதிதாக வழக்குப் போடாமல் நேரே அமலாக்கத்துக்குப் போகலாம். பணம் கணக்கில் ஏறிய பிறகு மட்டுமே உரிமைகோரலைத் திரும்பப் பெறுங்கள்.